கெட்டியாக இருந்தால் சுத்தத் தேனா? – கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தேனைப் பற்றித்தான். பாகுநிலை, அதாவது ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பு, அதைப் பற்றி எழுதுகிறேன் என்று நான் சொல்லியிருந்தேன், தேன் பற்றி என்று சொல்லவில்லை. சரி, வந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

தேன் தண்ணீரைவிடக் கனமானது, அதனால்தானே மெதுவாக ஓடுகிறது? (திருச்சி)

இல்லை. தேங்காய் எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, அதாவது தண்ணீரைவிட லேசு. ஆனாலும் கரண்டியிலிருந்து அது தண்ணீரைவிட மெதுவாகத்தான் வழிகிறது. பாதரசம் தண்ணீரைப் போலப் பதிமூன்றரை மடங்கு கனம், கீழே கொட்டினால் ஓடிப் பிடிக்க முடியாது. அடர்த்தி வேறு, பாகுநிலை வேறு. தேனின் அடர்த்தி தண்ணீரைப் போல 1.4 மடங்குதான். பாகுநிலையோ ஆயிரக்கணக்கான மடங்கு.

ஒரு திரவம் ஓட வேண்டுமென்றால் அதன் ஒரு அடுக்கு இன்னொரு அடுக்கின் மேல் வழுக்கிப் போக வேண்டும். மூலக்கூறுகள் தங்கள் பக்கத்து மூலக்கூறுகளை விட்டுவிட்டுப் புது இடத்துக்கு நகர வேண்டும். தண்ணீரில் இது சுலபம். மூலக்கூறு சின்னது, பக்கத்து மூலக்கூறோடு அது போடும் ஹைட்ரஜன் பிணைப்பு கண் இமைப்பதற்குள் கோடிக்கணக்கான முறை அறுந்து வேறொன்றோடு சேரும். தேனில் நூறு கிராமுக்குச் சுமார் 80 கிராம் சர்க்கரை, பெரும்பாலும் ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். இதை எடையில் பார்க்காமல் தலைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒரு தண்ணீர் மூலக்கூறைப் போலப் பத்து மடங்கு எடை. அந்தக் கணக்கில், ஒவ்வொரு சர்க்கரைக்கும் கிடைப்பது இரண்டு, இரண்டரைத் தண்ணீர் மூலக்கூறுதான். சர்க்கரைக்கோ பிணைப்பு போட ஐந்து கைகள் இருக்கின்றன. தண்ணீர் போதாததால் சர்க்கரைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஒன்று நகர வேண்டுமானால் பல கைகளை ஒரே நேரத்தில் விடுவித்துக்கொண்டாக வேண்டும். அதனால்தான் அத்தனை தாமதம்.

தேனை வடிகட்ட முடியவில்லை. எவ்வளவு சூடாக்கலாம்? (மார்த்தாண்டம், தேனீ வளர்ப்பவர்)

நல்ல கேள்வி. எந்த வெப்பநிலையில் முயன்றீர்கள் என்று மட்டும் எழுதவில்லை. வெப்பநிலையைச் சொல்லாமல் பாகுநிலையைப் பேசாதீர்கள் என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்!

ஈரப்பதம் 16 சதவீதம் உள்ள ஒரு தேனை எடுத்துக்கொள்வோம். 20 டிகிரியில் அது 20 டிகிரித் தண்ணீரைப் போல ஏறக்குறைய 19,000 மடங்கு பாகு. 29 டிகிரியில் 7,000 மடங்குக்கு வந்துவிடும். 39இல் 2,000, 48இல் 1,000. அப்புறம் 71 டிகிரி வரை கொண்டுபோனாலும் 260தான். ஆரம்பத்தில் ஆறு டிகிரிக்கு ஒரு முறை பாகுநிலை பாதியாகிறது. 48ஐத் தாண்டிய பிறகு பாதியாக்கவே பதினோரு டிகிரி செலவழிக்க வேண்டியிருக்கிறது. லாபம் முழுக்க முதல் இருபது, முப்பது டிகிரிக்குள் முடிந்துவிடுகிறது.

நஷ்டமோ அதற்குப் பிறகுதான் வேகம் பிடிக்கிறது. சூட்டில் சர்க்கரை சிதைந்து எச்எம்எஃப் என்ற பொருள் கூடும், டயாஸ்டேஸ் நொதி குறையும். ஆய்வகத்தில் தேனை அளப்பவர்கள் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். ஆகவே 40, 45 டிகிரியில் நிறுத்திக்கொள்ளுங்கள். பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்க வேண்டாம். தேன் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது, கெட்டியாக இருப்பதால் தானாகச் சுழலவும் செய்யாது. அடி கொதித்துக்கொண்டிருக்கும்போது நடு குளிர்ந்தே கிடக்கும். 45 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் பாத்திரத்தை இறக்கி, அவ்வப்போது கிளறி, தெர்மாமீட்டரைத் தேனின் நடுவில் வைத்துப் பாருங்கள். தொட்டியின் சூடு தேனின் சூடு அல்ல. நடு 40ஐத் தொட்டதும் சூடு ஆறுவதற்குள் வடிகட்டிவிடுங்கள்.

பாட்டிலில் தேன் வெள்ளையாக உறைந்துவிட்டது. பாகுநிலை கூடிவிட்டதா? (சேலம்)

இல்லை, குளுக்கோஸ் படிகமாகியிருக்கிறது. கலப்படமும் இல்லை. மேலே சொன்ன அதே வெந்நீர்த் தொட்டிதான். ஆனால் படிகம் கரைய மணிக்கணக்காகும், அவசரப்படாதீர்கள்.

தண்ணீரில் விட்டால் கரையாமல் நேராக அடிக்குப் போவதுதான் சுத்தமான தேன் என்கிறார்களே? (சென்னை, மதுரை, தஞ்சாவூர், இன்னும் பல ஊர்கள்)

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இருந்தாலும் இன்னொரு முறை.

டம்ளரில் விட்ட சொட்டு அடிக்குப் போகிறது என்றால் அது தண்ணீரைவிட அடர்த்தியானது என்று பொருள். கலையாமல் போகிறது என்றால் பாகுநிலை அதிகம் என்று பொருள். இதற்கு மேல் அந்தச் சோதனைக்கு எதுவும் தெரியாது. மிட்டாய்க் கடைக்காரர்கள் வாங்கும் லிக்விட் குளுக்கோஸை அதே டம்ளரில் விட்டுப் பாருங்கள், தேனைவிட அழகாக, நூல் பிடித்த மாதிரி இறங்கும். அது பெரும்பாலான தேனைவிடக் கெட்டி. கெட்டியாக இருந்தால் அசல் என்று நீங்கள் நம்பினால், கலப்படம் செய்பவருக்கு வேலை சுலபம். அவர் தேனை நீர்க்க வைக்க மாட்டார், கெட்டியாக்கித்தான் தருவார்.

அசல் தேனுக்கும் ஒரே பாகுநிலை கிடையாது. ஒரே 25 டிகிரியில், ஈரப்பதம் பதினைந்தரை சதவீதம் உள்ள தேனின் பாகுநிலை, இருபத்தொன்றரை சதவீதம் உள்ளதைப் போலப் பத்து மடங்கு. வெறும் ஆறு சதவீதத் தண்ணீர் செய்யும் வேலை அது. நம் காட்டில் பெருந்தேனீ கட்டும் மலைத்தேனில் ஈரப்பதம் பெரும்பாலும் 20க்கு மேல். ரப்பர் இலைக்காம்புச் சுரப்பியிலிருந்து தேனீக்கள் எடுக்கும் குமரி மாவட்டத் தேனும் இளக்கமாகவே இருக்கும். ஒரு முறை இப்படி மலைத்தேன் வாங்கி உறவினர் ஒருவருக்குக் கொடுத்தேன். 'தண்ணி ஊத்தியிருக்காங்க' என்று மூன்றாம் நாள் திருப்பி அனுப்பிவிட்டார். அனுப்பியது மே மாதம், அவர் வீட்டுச் சமையலறை எப்படியும் 36 டிகிரி இருந்திருக்கும். அதே பாட்டிலை மார்கழிக் காலையில் கவிழ்த்திருந்தால் 'பரவாயில்லை, கெட்டியாகத்தான் இருக்கிறது' என்றிருப்பார்.

இளக்கமான தேனில் கவனிக்க வேண்டியது வேறு. ஈரப்பதம் 20ஐத் தாண்டினால் அதிலுள்ள ஈஸ்ட் புளிக்க வைக்கும். மேலே நுரை கட்டுகிறதா, மூடி திறக்கும்போது 'புஸ்' என்கிறதா, கள் வாசனை வருகிறதா என்று பாருங்கள். ஈரப்பதத்தை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கிறது, ஒரு சொட்டு போதும். கலப்படமா என்று தெரிய வேண்டுமானால் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். டம்ளரை வைத்து முடிவு செய்யாதீர்கள். தீக்குச்சியைத் தேனில் நனைத்துக் கொளுத்துவது பற்றியும் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம்.

என் தேனின் பாகுநிலை எவ்வளவு என்று வீடியோவைப் பார்த்துச் சொல்ல முடியுமா? (பெயரும் இல்லை, ஊரும் இல்லை)

எந்த வெப்பநிலையில்?

தேனில் சைக்கிள் பால்ஸ் போட்டு ஸ்டோக்ஸ் முறையில் அளந்தேன். 10 செ.மீ. இறங்கக் காலையில் 28 விநாடி, மதியம் 11 விநாடி. தண்ணீரில் அளக்கவே முடியவில்லை. எங்கே தவறு? (கோவை, கல்லூரி மாணவி)

குண்டு இறங்கும் வேகத்திலிருந்து பாகுநிலையைக் கணக்கிடுவதுதான் ஸ்டோக்ஸ் முறை. தவறு எதுவும் இல்லை, தெர்மாமீட்டர்தான் இல்லை. குண்டின் விட்டம் 3.2 மி.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். எஃகின் அடர்த்தியைத் தண்ணீரைப் போல 7.8 மடங்கு என்றும் தேனுடையதை 1.4 மடங்கு என்றும் வைத்துப் போட்டால், காலைத் தேன் தண்ணீரைப் போலச் சுமார் 10,000 மடங்கு பாகு, மதியத் தேன் 4,000 மடங்கு. இரண்டுக்கும் இடையே அறை ஏழெட்டு டிகிரி சூடேறியிருந்தால் இப்படித்தான் வரும். டிசம்பரில் செய்ததாகச் சொல்கிறீர்கள், பொருந்துகிறது. தேனே உங்களுக்குத் தெர்மாமீட்டராக வேலை செய்திருக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். ஜாடியின் சுவர் குண்டைச் சற்றுப் பிடித்து இழுக்கும். 6 செ.மீ. அகல ஜாடியில் வேகம் பத்தில் ஒரு பங்கு குறையும், அதனால் உண்மையான பாகுநிலை உங்கள் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவு. ஒல்லியான குழாயில் செய்யாதீர்கள்.

தண்ணீருக்கு அதே சூத்திரத்தைப் போட்டால் குண்டின் வேகம் விநாடிக்கு 38 மீட்டர் என்று வரும். மணிக்கு சுமார் 137 கிலோமீட்டர்! உண்மையில் விநாடிக்கு ஒரு மீட்டரைக்கூட எட்டாது. குண்டைச் சுற்றித் திரவம் சுழல் போடாமல் அமைதியாக விலகும் வரைதான் ஸ்டோக்ஸ் செல்லும். தேனில் அப்படி விலகுகிறது, தண்ணீரில் குண்டின் பின்னால் சுழல் கிளம்பிவிடுகிறது. விளக்கெண்ணெயில் செய்து பாருங்கள், அதற்கு இதைவிடச் சின்ன குண்டு வேண்டும்.

அதிரசப் பாகு கொதிக்கும்போது தண்ணீராக இருக்கிறது, ஆறினால் கல்லாகிவிடுகிறது. பதம் பார்ப்பது எப்படி? (காரைக்குடி)

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு சொட்டை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்களே, அதுவேதான். கொதிக்கும் பாகின் இளக்கத்தை நம்பக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். சொட்டை எப்போதும் ஒரே சூட்டுக்கு இறக்கிவிட்டுத்தான் விரலில் பார்ப்பார்கள். கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர் வைத்தால் மட்டும் ஏமாந்துபோவீர்கள், பதம் வருவதற்கு முன்பே வந்தது போல் தெரியும்.

பைக் ஆயில் டப்பாவில் 20W-40 என்று இருக்கிறது. W என்றால் வெயிட்தானே? (வேலூர்)

குளிர்காலம். விண்டர் என்பதன் முதல் எழுத்து. முதல் எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு, இரண்டாவது எண் எஞ்சின் சூட்டில் எப்படி இருக்கும் என்பதற்கு.

காற்றும் சூடானால் இளகுமா? (நெல்லை)

நேர்மாறு. வாயுக்கள் சூடானால் பாகுநிலை கூடும்.

உலகத்திலேயே மெதுவாக ஓடும் திரவம் எது? (புதுச்சேரி)

'உலகத்திலேயே' என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் பிரிஸ்பேனில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் சூடாக்கிய பிட்சை ஒரு புனலில் ஊற்றினார். தாரைப் போன்ற கறுப்புப் பொருள் அது, சுத்தியலால் தட்டினால் உடையும். மூன்று வருடம் அது அமிழ்ந்து படிய விட்டு, 1930இல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். ஒன்பதாவது சொட்டு 2014இல்தான் விழுந்தது.