பதினொன்றாம் வகுப்புப் பையனும் எரிக்சனும்

கேள்வி: நான் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர். இந்த வருஷம் மாணவர் ஆலோசனைப் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பி.எட். உளவியலில் படித்த எரிக்சன், மார்சியா எல்லாம் பரீட்சையோடு போய்விட்டது. "என்ன ஆகணும்னே தெரியல" என்று வந்து நிற்கிற பிள்ளையிடம் அதை வைத்து உண்மையில் என்ன செய்ய முடியும்?

பதில்:

டெல்டா பள்ளிகளில் ஆலோசகராக வேலை பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். எரிக்சன் இந்த வயதுக்கு வைத்த "அடையாளமா, பங்குக் குழப்பமா" என்ற தலைப்பு, அதாவது நான் யார் என்று தெளிவதா தடுமாறுவதா என்பது, பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கும்போது நேரடியாகக் கைகொடுக்காது. அது ரொம்பப் பெரிய சட்டகம். அதை மேசைக்கு வருகிற அளவுக்குச் சுருக்கியவர் ஜேம்ஸ் மார்சியா. 1966-இல் வந்த ஆய்வில் அவர் பார்த்தது இரண்டே விஷயம்தான். இந்தப் பிள்ளை நாலு வழியைப் பார்த்துத் தேடியதா? எதையாவது தன்னுடையது என்று பிடித்துக்கொண்டதா?

தேடிப் பிடித்தது ஒரு நிலை. தேடிக்கொண்டே இருப்பது ஒரு நிலை, அதற்கு மொரட்டோரியம் என்று பெயர். தேடாமலே, அப்பா சொன்னதையோ அக்கா செய்ததையோ பிடித்துக்கொண்டால் ஃபோர்குளோஷர். தேடலும் இல்லை, பிடிப்பும் இல்லை என்றால் டிஃப்யூஷன். தியரி இவ்வளவு போதும்.

ஆசிரியர் அறையில் நாம் பார்ப்பது இரண்டாவது கேள்வியை மட்டும்தான். "டாக்டர் ஆகணும் சார்" என்று டக்கென்று சொல்கிற பிள்ளை நல்ல பிள்ளை. "தெரியல" என்கிற பிள்ளை பிரச்சினை, அதை ஆலோசகரிடம் அனுப்பு. ஆனால் டக்கென்று சொல்கிறவர்களில் பாதிப் பேரிடம் "இதை எப்போ, யார் முடிவு பண்ணினது?" என்று கேட்டுப் பாருங்கள். "சின்ன வயசுலேர்ந்து அம்மா சொல்லுவாங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அதேபோல "தெரியல" என்பவர்களில் சிலர் உண்மையில் நாலு யோசனையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். மார்சியாவின் ஆய்வுகளிலேயே பதற்றம் அதிகமாக இருந்தது இந்தத் தேடுகிற கூட்டத்திடம்தான், குறைவாக இருந்தது ஃபோர்குளோஷரில். ஆகவே பதற்றத்தைப் பார்த்து மட்டும் யாருக்கு உதவி வேண்டும் என்று முடிவு செய்யாதீர்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பத்தாவதில் நல்ல மார்க். பதினொன்றில் முதல் குரூப், அதாவது உயிரியலும் கணக்கும். அரையாண்டில் இயற்பியலிலும் கணக்கிலும் ஃபெயில். பொங்கலுக்குப் பிறகு சம்பா அறுவடை சமயத்தில் வகுப்புக்கே வரவில்லை. வகுப்பாசிரியர் கூட்டிவந்து விட்டபோது சொன்னது: "கேட்டா மாடு மேய்க்கப் போறேங்கறான் மிஸ், திமிரு."

நான் முதல் நாள் எதிர்காலம் பற்றி எதுவும் கேட்கவில்லை. குரூப் எடுத்த கதையைக் கேட்டேன். "மார்க் இருந்துச்சு, சார் முதல் குரூப்புனு எழுதிட்டாரு, அப்பா கையெழுத்துப் போட்டாரு." வேறு குரூப் பற்றி யாராவது பேசினார்களா? இல்லை. நீட் யாருடைய ஆசை? அம்மாவுடையது. சரி, அந்தப் பிடிப்பு இரவல் வாங்கியது. பாடம் எளிதாக இருந்தவரை அது தாங்கியது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் வந்ததும் விட்டுப்போயிற்று. தனக்கென்று ஒரு காரணம் இருக்கிற பிள்ளை ஃபெயிலானால் அழும், டியூஷன் கேட்கும். இவன் சும்மா கழன்றுகொண்டான்.

அப்புறம் அந்த மாடு. "படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று சொல்லாத வீடு நம் பக்கம் எது? எரிக்சன் இதற்கு எதிர்மறை அடையாளம் என்று பெயர் வைத்தார். வீட்டாரும் ஊராரும் எதை ஆகவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்களோ, அதையே ஒரு பிள்ளை எடுத்து மாட்டிக்கொள்வது. அவர்கள் கேட்பதாக முடியவில்லை, ஒன்றுமில்லாதவனாக இருப்பதும் தாங்கவில்லை. அப்போது கெட்ட பெயரானாலும் ஒரு பெயர் கிடைக்கிறது. "திமிரு" என்று நாம் எழுதிவிட்டால் அந்தப் பெயர் இன்னும் இறுகும். அதனால் அவன் ரெக்கார்டில் அந்தச் சொல் ஏறாமல் பார்த்துக்கொண்டேன். வகுப்பாசிரியரிடமும் சொன்னேன்.

இரண்டாவது சந்திப்பில், அறுவடை நாட்களில் எங்கே இருந்தாய் என்று கேட்டேன். மாமா ஏஜென்ட், வெளி மாவட்டத்திலிருந்து அறுவடை மிஷினை வரவழைத்து ஊருக்குள் ஓட்டவிடுகிறவர். இவன் மிஷினோடேயே சுற்றியிருக்கிறான். ஈர வயலில் டயர் வண்டி புதையும், பெல்ட் வண்டிதான் இறங்கும் என்று தொடங்கியவன், சாய்ந்த பயிரை எந்தப் பக்கமிருந்து அறுத்தால் நெல் கொட்டாது, வைக்கோல் சுற்றிக்கொண்டால் எங்கே திறந்து எடுக்க வேண்டும் என்று இருபது நிமிஷம் பேசினான். வகுப்பில் வாயே திறக்காத பையன் என்று அனுப்பியிருந்தார்கள்.

இங்கே அவசரப்படக் கூடாது. "அப்போ நீ மெக்கானிக் ஆயிடு" என்று சொல்லியிருந்தால் அம்மா தந்த இரவலுக்குப் பதில் நான் ஒரு இரவல் தந்ததாகியிருக்கும். அவனுக்கு வேண்டியிருந்தது தேடல், அதுவும் செய்து பார்க்கிற தேடல். ஒரு தாளில் மூன்று பேரை எழுதினோம்: மிஷின் ஓட்டுகிறவர், பக்கத்து டவுனில் டிராக்டர் சர்வீஸ் செய்கிறவர், வட்டார வேளாண் அலுவலகத்தில் ஒருவர். மூவரிடமும் அதே மூன்று கேள்வி. என்ன படித்தீர்கள், அறுவடை இல்லாத மாதங்களில் என்ன செய்கிறீர்கள், இந்த வேலையில் எது பிடிக்கவில்லை. கடைசிக் கேள்விதான் முக்கியம். ஆசை மட்டுமா, தாங்குமா என்பதை அதுதான் காட்டும். மிஷின் ஓட்டுகிறவர், வருஷத்தில் பல மாதம் ஊர் ஊராகச் சுற்றி வண்டிக்கடியிலேயே படுத்துத் தூங்குவதைச் சொல்லியிருக்கிறார். பையன் திரும்பி வந்து, "அது வேணாம் மிஸ்" என்றான். எனக்கு அது நல்ல சேதி. பிடித்த ஒன்றைத் தள்ளிவிட முடிந்தால் தேடல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

தேடுகிறானா, வெறுமனே உழல்கிறானா என்பதைப் பார்க்க ஒரு வழி உண்டு. 2008-இல் லாய்க்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் மார்சியாவின் தேடலைப் பிரித்துப் பார்த்தபோது, அதில் ஒரு வகை ஒரே இடத்தில் சுழல்வது என்று காட்டினார்கள். மனச்சோர்வோடு சேர்ந்து வருவது இந்த வகைதான். நான் பார்ப்பது இதை: போன சந்திப்புக்கும் இதற்கும் இடையில் புதிதாக ஒரு தகவல் வந்திருக்கிறதா? அதே "இதுவா அதுவா, தப்பா எடுத்துட்டா என்ன பண்றது" என்பதே மூன்றாவது தடவையும் வந்தால் இன்னும் யோசி என்று சொல்லாதீர்கள். யோசிப்பதைக் குறைத்து, இந்த வாரத்துக்குள் முடிகிற சின்ன வேலை ஒன்றைக் கொடுங்கள்.

அப்பாவை அழைத்தது பையனிடம் கேட்டுக்கொண்டு, எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று பேசி வைத்த பிறகுதான். கடைமடைப் பகுதியில் குத்தகைக்கு உழுகிறவர். தண்ணீர் வந்தால் குறுவை, இல்லாவிட்டால் சம்பா மட்டும். "நான் பட்ட பாடு அவன் படக் கூடாது டீச்சர்" என்று ஆரம்பித்தார். எந்தப் பாடு என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வயல்ல கஷ்டம் இல்ல, சொசைட்டி லோனு கட்டுறதுதான்" என்றார். பையன் இதுவரை கேட்டதெல்லாம் "வயப்பக்கம் வராத" என்பது மட்டும்தான். அப்பாவின் விலக்கு இவ்வளவு சின்னது என்று தெரிந்ததும் பேச இடம் கிடைத்தது. குமுளூரில் வேளாண் பொறியியல் கல்லூரி இருப்பதும், பன்னிரண்டாவது முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்பதும் அவர்கள் இருவருக்கும் அன்றுதான் தெரிந்தது. குமுளூர் படிப்புக்குக் கணக்கும் இயற்பியலும் வேண்டும், பாலிடெக்னிக்கிலும் அவை கைகொடுக்கும். அதனால் அவன் குரூப் மாற்றவில்லை. அதே பாடம், இப்போது அவனுடைய காரணத்துக்காக. மார்க் ஒன்றும் எகிறிவிடவில்லை, பாஸ் ஆனான். பன்னிரண்டு முடிக்கும்போதும் பொறியியலா டிப்ளமோவா என்று முடிவாகவில்லை. பதினேழு வயதில் அது நோய் இல்லை.

அதே வருஷம் முதல் வரிசைப் பெண் ஒருத்தி, அப்பா கடை வைத்திருக்கிறார், காமர்ஸ் படித்து அதையே பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்றாள். தேடல் இல்லை, சந்தோஷமாக இருக்கிறாள். அவளை நான் கலைக்கவில்லை. குடும்பத் தொழிலை ஏற்பது நம் ஊரில் இயல்பு. மார்சியா பார்த்ததோ அமெரிக்கக் கல்லூரி ஆண்களை. அவருடைய தராசில் நம் பிள்ளைகளை அப்படியே நிறுத்தக் கூடாது. அந்த வழி அடைபட்டால் என்ன என்று ஒரு முறை மட்டும் பேசி வைத்தேன். ஃபோர்குளோஷர் உடைகிற இடம் பெரும்பாலும் ரிசல்ட் நாள், முக்கியமாக நீட். "டாக்டர் இல்லைன்னா நான் யாரு" என்று நிற்கிற பிள்ளைகள் உங்கள் பட்டியலில் மேலே இருக்கட்டும், அவர்கள் தானாக உங்களிடம் வர மாட்டார்கள்.

கடைசியாக ஒரு எல்லை. டிஃப்யூஷன் போலத் தெரிவது மனச்சோர்வாகவும் இருக்கலாம். எதிர்காலம் பற்றி ஆர்வமில்லாத பையன் சாயங்காலம் கபடிக்குப் போவான், திருவிழாவுக்குப் பந்தல் போடுவான். கபடியும் வேண்டாம், தூக்கம் சாப்பாடு கெட்டுவிட்டது, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படித்தான் என்றால் அடையாளப் பேச்சை மூடி வையுங்கள். பெற்றோரிடம் சொல்லி மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வாரமெல்லாம் பார்க்க வேண்டாம். அன்றே பெற்றோரை வரவழையுங்கள், அதுவரை பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். டெலி-மானஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். உங்கள் அறைச் சுவரில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், பிள்ளைகள் கேட்காமலே குறித்துக்கொண்டு போவார்கள்.