கிரியாட்டினின் ஏறுகிறதே, மாத்திரையை நிறுத்தலாமா?

"அம்மாவுக்கு 2 வருடமாக ஸ்க்லீரோடெர்மா. எப்போதும் 120/75 இருக்கும் பிரஷர் திடீரென்று 190/110 ஆனது, கிரியாட்டினின் 2.1. மருத்துவமனையில் சேர்த்து கேப்டோப்ரில் கொடுக்கிறார்கள். பிரஷர் இறங்குகிறது, ஆனால் மூன்றாம் நாள் கிரியாட்டினின் 3.4. இந்த மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறது, நிறுத்தச் சொல் என்கிறார் சித்தப்பா. நிறுத்தலாமா?"

நிறுத்தச் சொல்லாதீர்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏறும்போது, வேறு நோயாளியாக இருந்தால் சித்தப்பாவின் பயத்தில் நியாயம் உண்டு. தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்கும் ஸ்க்லீரோடெர்மாவில் கணக்கே வேறு.

இந்த நோயில் சிறுநீரகத்துக்குள் ஓடும் சிறிய தமனிகளின் உட்சுவர் தடித்து வழி குறுகிவிடுகிறது. ரத்தம் போதாத சிறுநீரகம், உடம்பிலேயே அழுத்தம் குறைந்துவிட்டது போல பிரஷரை ஏற்றும் ரெனின் என்ற சுரப்பைச் சுரந்து தள்ளுகிறது. அதன் விளைவாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் 2 ரத்தக் குழாய்களை இறுக்க, பிரஷர் எகிறுகிறது. கூடவே சிறுநீரகத்தின் குழாய்களும் இன்னும் சுருங்குவதால் ரெனின் மேலும் கூடுகிறது. ஆஞ்சியோடென்சின் 2 உருவாவதையே தடுத்து இந்தச் சுழலை அறுப்பவை கேப்டோப்ரில் போன்ற ஏ.சி.இ. தடுப்பு மருந்துகள். மற்ற பிரஷர் மாத்திரைகள் எண்ணைக் குறைக்கலாம், சுழல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இம்மருந்துகள் வருவதற்கு முன், பிரஷர் திடீரென்று எகிறிச் சிறுநீரகம் கெடும் இந்த நெருக்கடியில் சிக்கியவர்களில் ஓராண்டைத் தாண்டியவர்கள் மிகச் சிலரே.

சரி, கிரியாட்டினின் ஏன் ஏறுகிறது? மருந்து தொடங்கும் முன்பே நேர்ந்த சேதம் சில நாட்கள் கழித்துத்தான் ரத்தப் பரிசோதனையில் முழுதாகத் தெரியும். அதோடு, வடிகட்டிகளிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயை மருந்து தளர்த்துவதால் வடிகட்டும் அழுத்தமும் சற்றுக் குறையும். இரண்டுமே எதிர்பார்த்தவை. இதைப் பார்த்து மருந்தை நிறுத்தினால் பழைய சுழல் திரும்பிவிடும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது பிரஷர் இறங்கும் வேகத்தை. கேப்டோப்ரிலைப் பொதுவாக 6.25 அல்லது 12.5 மில்லிகிராமில் தொடங்கி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கூட்டுவார்கள். மேல் அளவு ஒரு நாளைக்குச் சுமார் 20 இறங்கினால் போதும்: 190, மறுநாள் 170, அப்புறம் 150 என்று. ஒரே நாளில் 110க்கு விழுந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் கொஞ்ச ரத்தமும் குறைந்துவிடும். பொட்டாசியம் எவ்வளவு என்று தினமும் கேளுங்கள். அது மிகவும் ஏறினால் மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம். முழு அளவு கொடுத்தும் பிரஷர் அடங்காவிட்டால் அம்லோடிபின் போன்ற ஒன்றைக் கூடச் சேர்ப்பார்கள், கேப்டோப்ரிலுக்குப் பதிலாக அல்ல.

அம்மா ஸ்டீராய்டு எடுத்து வந்தாரா? பிரெட்னிசோலோன் தினம் 15 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் போனாலே இந்த நெருக்கடிக்கான வாய்ப்பு கூடும். மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்.

டயாலிசிஸ் தேவைப்பட்டாலும் மாத்திரை தொடரும். மாதங்கள் கழித்து, சிலருக்கு ஒன்றரை இரண்டு வருடம் ஆன பிறகும், சிறுநீரகம் மீண்டு டயாலிசிஸை விட்டவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் மாற்றுச் சிறுநீரகம் பற்றிய முடிவை மருத்துவர்கள் அவசரப்பட்டு எடுப்பதில்லை.