சிவப்பு நிறத்தை நம்ப வேண்டாம்: ஆம்பூல் லேபிளைப் படிக்கும் முறை

"அம்மாவுக்கு மாதாமாதம் பி12 ஊசி. போன மாதம் வாங்கிய ஆம்பூலில் 1000 என்று இருந்தது, இந்த மாதம் கொடுத்ததில் 500 என்று இருக்கிறது. இரண்டும் சிவப்புத் தண்ணிதான். ரெண்டு ஆம்பூலைச் சேர்த்துப் போட்டால் சரியாகிவிடுமா? ஐ.எம்., ஐ.வி. என்பது என்ன?"

உங்களைப் போல நானும் சுங்கை சிப்புட்டில்தான் இருக்கிறேன். ஒரு கிளினிக் கவுண்டரில் பல வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவள். இந்தச் சிவப்பு எங்களையும் தடுமாற வைத்திருக்கிறது. பி12 எந்த வடிவத்தில் வந்தாலும் சிவப்பாகத்தான் இருக்கும். பி1, பி6 கலந்த ஊசியும் அதனால்தான் சிவப்பு. நிறம் ஒரே மாதிரி என்பதால் மருந்தும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் பெயரைப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சின்னதாக இருப்பதுதான் மருந்தின் பெயர். உங்களிடம் இருக்கும் 1000 பெரும்பாலும் சயனோகோபாலமின், 500 பெரும்பாலும் மெகோபாலமின். இரண்டும் பி12தான், ஆனால் வேறு வேறு வடிவங்கள். போடும் கணக்கும் வேறு. மெகோபாலமினை வாரத்துக்கு மூன்று முறைகூட எழுதித் தருவார்கள். அதனால் "ரெண்டு ஐந்நூறு ஒரு ஆயிரம்" என்ற கணக்கு எண்ணில் சரி, மருந்தில் சரியில்லை. டாக்டர் எழுதிய பெயர் எதுவோ அதுதான் வர வேண்டும். மாற்றிக் கொடுத்திருந்தால், ஒரு தடவைக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை அவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்தது அளவு. எண்ணை மட்டும் படிக்காமல் அதன் வாலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1000 மைக்ரோகிராமும் 1 மில்லிகிராமும் ஒன்றே. ஒரு கம்பெனி அப்படிப் போடும், இன்னொன்று இப்படிப் போடும். 500 மைக்ரோகிராமை 500 மில்லிகிராம் என்று படித்தால் ஆயிரம் மடங்கு பிசகு. அதன் பிறகு "ஒரு மில்லிக்கு" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1 மில்லி ஆம்பூல் என்றால் குழப்பமில்லை, மொத்தமும் அதுவே. ரப்பர் மூடி போட்ட வயலில்தான் சிக்கல். என் அப்பாவின் இன்சுலின் வயலில் மில்லிக்கு 100 யூனிட், மொத்தம் 10 மில்லி என்று இருக்கும். அப்படியானால் குப்பிக்குள் 1000 யூனிட். வீட்டில் ஒருவர் அந்த 100ஐப் பார்த்து "குப்பியிலேயே நூறுதான் இருக்கு" என்று சொன்னார். நல்ல வேளை, ஊசியை அவர் கையில் கொடுக்கவில்லை.

இனி ஐ.எம்., ஐ.வி. நம் பேச்சுத் தமிழே இங்கே காலை வாரிவிடும். ஐ.எம். என்றால் தசைக்குள் போடுவது: புட்டம், தொடை, மேல்கை. ஐ.வி. என்றால் இரத்தக் குழாய்க்குள் நேராகப் போடுவது. அந்தக் குழாயைத்தான் நாம் "நரம்பு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். பி12ஐயோ "நரம்புக்கு நல்ல ஊசி" என்கிறோம். ஒரு பாட்டி வீட்டுக்கு வந்த மிஸ்ஸியிடம் "இது நரம்புல போடுற ஊசி" என்று சொல்லிவிட்டார். மிஸ்ஸி லேபிளைப் பார்த்ததால் தப்பித்தது. சயனோகோபாலமினைத் தசையில்தான் போடுவார்கள், சில நேரம் தோலுக்கு அடியில் ஆழமாக. இரத்தக் குழாயில் போட்டால் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். மெகோபாலமின் லேபிளில் ஐ.எம்., ஐ.வி. இரண்டும் இருக்கலாம். அதற்காக நாமே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இல்லை, டாக்டர் எழுதியதுதான்.

தவறான வழி சில மருந்தில் வீணாவதோடு நிற்காது. செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி தூளாக வயலில் வரும். தசையில் போடும்போது வலி தெரியாமல் இருக்க லிக்னோகைன் என்ற மரப்பு மருந்தில் கரைப்பார்கள். அப்படிக் கரைத்ததை இரத்தக் குழாயில் செலுத்தவே கூடாது. இதயத் துடிப்பு தடுமாறும், வலிப்பு வரலாம். தூள் வயலோடு இன்னொரு ஆம்பூல் வந்தால் அதையும் தண்ணீர் என்று நினைக்காமல் பெயரைப் படியுங்கள்.

ஆம்பூலைப் பெட்டியிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் நிறுத்தி வைக்காதீர்கள். மெகோபாலமின் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் கெடும். ஆம்பூல் மேல் இருக்கும் எழுத்தும் விரல் பட்டுப் பட்டு அழிந்துபோகும். முழு விவரமும் பெட்டியிலும் உள்ளே மடித்த தாளிலும்தான். பெட்டியில் "மால்" என்று தொடங்கும் பதிவு எண் ஒன்று இருக்கும். போன மாதப் பெட்டியை எறியாமல் வைத்திருந்தால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறு வேறாக இருந்தால் இரண்டு பெட்டியையும் டாக்டரின் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஃபார்மசிஸ்டிடம் போங்கள். அதுவரை இந்த மாத ஊசியைப் போட வேண்டாம். மாத ஊசி இரண்டு மூன்று நாள் தள்ளிப்போவதால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது.