38 நாள் கழித்து வந்த அலர்ட்

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். என் சோஷியல் செக்யூரிட்டி எண் கசிந்துவிட்டதாக ஒரு நிறுவனம் கடிதம் அனுப்பியிருக்கிறது. கிரெடிட் அலர்ட் வைத்தால் போதுமா, ஃபைலையே பூட்டிவிட வேண்டுமா?

பூட்டிவிடுங்கள். நம் கடன் வரலாற்றை ஃபைலாக வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்களிலும் தனித்தனியாக, முடிந்தால் இன்று இரவே செய்துவிடுங்கள். அலர்ட்டை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். நான் வழக்கறிஞன் அல்லன், வங்கியில் வேலை செய்பவனும் அல்லன். ஆனால் 2021-இல் இதே போன்ற கடிதம் எனக்கு வந்தபோது, "அலர்ட் இருக்கிறதே, போதும்" என்று முடிவு செய்து, அதனால் வந்த சிக்கலைத் தீர்க்க ஐந்து மாதம் செலவழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அப்போது என் கிரெடிட் கார்டு செயலியில் இலவச அலர்ட் வசதி இருந்தது. என் பெயரில் யாராவது கடன் கேட்டால் உடனே செய்தி வரும் என்று நம்பியிருந்தேன். செப்டம்பர் 11-ஆம் தேதி காலை, "உங்கள் பெயரில் புதிய கணக்கு சேர்க்கப்பட்டுள்ளது" என்று செய்தி வந்தது. திறந்து பார்த்தால், நான் ஒருமுறைகூடக் கால் வைத்திராத ஒரு கடைத் தொடரின் கார்டு. கணக்கு திறந்த தேதி ஆகஸ்ட் 4. 3,500 டாலர் வரம்பில் 2,860 டாலர் செலவாகியிருந்தது. அலர்ட் வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அது தனக்குத் தெரிந்த அன்றே சொல்லிவிட்டது. அதற்குத் தெரிந்ததே 38 நாள் கழித்துத்தான்.

இது எப்படி நடந்தது என்பதைத்தான் நீங்கள் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் கார்டு கேட்டு விண்ணப்பித்ததும், கொடுக்கப் போகும் வங்கி பெரும்பாலும் மூன்று நிறுவனங்களில் ஏதாவது ஒன்றிலிருந்து மட்டும் அவருடைய ஃபைலை எடுத்துப் பார்க்கும். அதற்கு ஹார்டு இன்கொயரி என்று பெயர். அந்தப் பதிவு அந்த ஒரு நிறுவனத்தின் ஃபைலில் மட்டுமே விழும். என் செயலியின் இலவச அலர்ட் கண்காணித்தது வேறொரு நிறுவனத்தின் ஃபைலை. ஆகவே விண்ணப்பம் போட்ட நாளில் எனக்கு எதுவும் தெரியவில்லை. கார்டு கொடுக்கப்பட்டு, முதல் மாதக் கணக்கு முடிந்து, வங்கி அந்தக் கணக்கை எல்லா நிறுவனங்களுக்கும் தெரிவித்த பிறகுதான் நான் பார்த்துக்கொண்டிருந்த ஃபைலுக்கும் தகவல் வந்து சேர்ந்தது. உங்கள் அலர்ட் எந்த நிறுவனத்தின் ஃபைலைப் பார்க்கிறது என்பதைச் செயலியின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இப்போதே எடுத்துப் பாருங்கள்.

ஃபிராடு அலர்ட் என்று இன்னொன்று உண்டு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இது உங்களுக்கு வரும் செய்தி அன்று; உங்கள் ஃபைலை எடுக்கும் வங்கிக்குச் சொல்லப்படும் எச்சரிக்கை. "கடன் கொடுக்கும் முன், கேட்பவர் இவர்தானா என்று சரிபார்க்கவும்" என்பது அதன் பொருள். ஒரு நிறுவனத்தில் பதிவு செய்தால் மற்ற இரண்டுக்கும் அதுவே சொல்லிவிடும், ஓராண்டு செல்லும். ஆனால் ஃபைல் திறந்தே இருக்கும். எவ்வளவு கவனமாகச் சரிபார்ப்பது என்பது அந்த வங்கியில் இருப்பவரின் கையில் இருக்கிறது. நான் பூட்டச் சொல்வது ஃபிரீஸ் என்ற முறையில். ஃபிரீஸ் செய்த ஃபைலைப் புதிதாகக் கடன் கொடுக்கப் போகும் வங்கியால் பார்க்கவே முடியாது; பார்க்க முடியாத ஒருவருக்குப் பொதுவாக யாரும் கடன் கொடுப்பதில்லை. உண்மையான காவல் அதுதான்.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். ஃபிரீஸ் என்பது சட்டம் கொடுத்த உரிமை. 2018 செப்டம்பர் 21 முதல் நாடு முழுவதும் அது இலவசம். இணையத்திலோ தொலைபேசியிலோ கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் பூட்ட வேண்டும், திறக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்திற்குள் திறக்க வேண்டும். லாக் என்ற பெயரில் இந்த நிறுவனங்கள் தருவது அவர்களுடைய சொந்தச் சேவை. நீங்கள் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளுக்கு உட்பட்டது, சில இடங்களில் மாதக் கட்டணமும் உண்டு. தளத்தில் லாக் பொத்தான் பெரிதாகவும் ஃபிரீஸ் இணைப்பு ஓரத்திலும் இருக்கலாம். security freeze என்ற சொல்லைத் தேடிப் போங்கள்.

ஃபிரீஸ் செய்தால் கிரெடிட் ஸ்கோர் குறைந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள், குறையாது. ஏற்கெனவே உள்ள கார்டுகளும் வீட்டுக் கடனும் வழக்கம் போல இயங்கும். "பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், எதுவும் பூட்டவில்லை, ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்களோடு நான் வாதிடப் போவதில்லை. எண் கசிந்தது என்று அவர்களுக்குக் கடிதம் வரவில்லை, உங்களுக்கு வந்திருக்கிறது.

பூட்டும் முன் annualcreditreport.com தளத்தில் மூன்று ரிப்போர்ட்டுகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும். எல்லோரும் நேராகக் கணக்குப் பட்டியலுக்குத்தான் போகிறார்கள். நீங்கள் முதலில் பெயர், முகவரி, தொலைபேசி எண் இருக்கும் பகுதியைப் படியுங்கள். என் ரிப்போர்ட்டில் நான் பார்த்தே இராத ஓர் ஊரின் அடுக்குமாடி முகவரி ஏறியிருந்தது. கார்டு போன இடம் அதுதான். நீங்கள் வசிக்காத ஒரு முகவரி இருந்தால், கணக்கு எதுவும் தெரியாவிட்டாலும், யாரோ முயற்சி செய்திருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மேலே விசாரியுங்கள்.

நம் பெயர்கள் படும் பாட்டையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் இது வரலாம். எனக்கு வழிவழியாக வந்த குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரைப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகப் போட்டார்கள். இங்கே வந்ததும் முதல் வங்கி இரண்டையும் இடம் மாற்றிப் பதிந்தது. ஆக என் ஃபைலில் மூன்று வடிவங்களில் நான் இருந்தேன். இரண்டு நிறுவனங்களில் ஃபிரீஸ் பத்து நிமிடத்தில் முடிந்தது. மூன்றாவதில், என்னை நானே நிரூபிக்கச் சொல்லிச் சில கேள்விகள் வந்தன. "கீழ்க்கண்டவற்றில் நீங்கள் வசித்த தெரு எது?" என்ற கேள்வியின் விடைகளில் அந்தத் திருடனின் தெருவும் இருந்தது, என் தெரு எதுவும் இல்லை. "எதுவும் இல்லை" என்று உண்மையைச் சொன்னேன். சரிபார்ப்பு தோல்வி என்று திரை மூடிக்கொண்டது. என் பெயரில் இன்னொருவன் வைத்த முகவரியை நான் ஒப்புக்கொண்டால்தான் நான் நான் என்று ஏற்றுக்கொள்வார்கள் என்ற நிலை அது. இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

அப்படி நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப முயலாமல் தபாலில் அனுப்புங்கள். ஓட்டுநர் உரிமம், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, மின்கட்டண ரசீது ஆகியவற்றின் நகல்களோடு அனுப்பினேன். உரிமத்திலும் ரசீதிலும் பெயரின் வரிசை மாறியிருந்ததால் முதல்முறை திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை, என் பெயர் எங்கெங்கே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி மேலே வைத்து, ஒப்புதல் அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். தபால் கையில் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் பூட்ட வேண்டும் என்பது விதி. அந்த ஒப்புதல் அட்டைதான் நாளைக் கணக்கிட உதவியது.

போலிக் கணக்கு ஏற்கெனவே இருந்தால் IdentityTheft.gov தளத்தில் புகார் பதிந்து அறிக்கையை எடுங்கள். அந்த அறிக்கையும் அடையாளச் சான்றும் கொடுத்து, இந்தப் பதிவு திருட்டால் வந்தது என்று அந்த மூன்று நிறுவனங்களுக்கும் எழுதினால், நான்கு வேலை நாளுக்குள் அதை உங்கள் ஃபைலிலிருந்து மறைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஃபிராடு அலர்ட்டையும் அதே அறிக்கையைக் காட்டி ஏழு ஆண்டுக்கு நீட்டிக்கலாம். கார்டு கொடுத்த வங்கியிடம் விண்ணப்பத்தின் நகலை எழுத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும். எனக்கு வந்த நகலில் பிறந்த தேதியும் எண்ணும் சரியாக இருந்தன. தொலைபேசி, மின்னஞ்சல், சம்பளம் எல்லாம் வேறு. அந்த ஒரு தாள் கையில் வந்த பிறகுதான் வங்கியோடு பேசுவது எளிதாயிற்று.

இத்தனைக்கும் பிறகு, அடுத்த ஜனவரியில் என் பெயரில் இரண்டு தொலைபேசி இணைப்புகளுக்கான பாக்கியைக் கேட்டு வசூல் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. மூன்று ஃபைலும் பூட்டியிருந்த காலத்தில் திறந்த இணைப்புகள் அவை. தொலைபேசி, மின்சாரம் போன்ற சேவை நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் NCTUE என்ற தனித் தரவுத்தளம் இருக்கிறது. புதிய வங்கிக் கணக்கு திறப்பவர்களைப் பார்க்க வங்கிகள் பயன்படுத்தும் ChexSystems என்பதும் தனி. இரண்டிலும் இலவசமாக ஃபிரீஸ் வைக்கலாம். மூன்றை முடித்த கையோடு இந்த இரண்டையும் முடித்துவிடுங்கள். உங்கள் கையில் இருக்கும் கார்டின் எண்ணை ஒருவன் பயன்படுத்துவதையும், உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் வரிக் கணக்குத் தாக்கல் செய்வதையும் எந்த ஃபிரீஸும் தடுக்காது. வரிக்கு வருமான வரித்துறை தரும் ஆறு இலக்க ஐ.பி. பின் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடன் வாங்க வேண்டிய நாளில் என்ன செய்வது என்று நீங்கள் யோசிக்கலாம். 2023-இல் கார் வாங்கியபோது விற்பனையாளரிடம் "எந்த நிறுவனத்தில் பார்ப்பீர்கள்?" என்று கேட்டேன். இரண்டின் பெயரைச் சொன்னார். அந்த இரண்டை மட்டும் வெள்ளி முதல் ஞாயிறு வரை தேதி குறித்துத் திறந்தேன். திங்கட்கிழமை தானாகவே பூட்டிக்கொண்டது. நிரந்தரமாக நீக்குவதற்கும் தேதி குறித்துத் திறப்பதற்கும் திரையில் தனித்தனித் தேர்வு இருக்கும், மாற்றி அழுத்திவிடாதீர்கள்.

மனைவிக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தால் அவருடைய ஃபைல்களைத் தனியே பூட்ட வேண்டும். உங்கள் ஃபிரீஸ் அவருக்குப் பொருந்தாது. 16 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஃபைலே இல்லாவிட்டாலும் பெற்றோர் கேட்டால் ஒன்றை உருவாக்கிப் பூட்டிக் கொடுக்க வேண்டும். அதற்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழோடும் உங்கள் அடையாளச் சான்றோடும் தபாலில் எழுதுங்கள். என் மகளுக்காக வந்த மூன்று உறுதிக் கடிதங்களை அவளுடைய பாஸ்போர்ட் இருக்கும் உறையிலேயே வைத்திருக்கிறேன்.