கடை நேரமும் முகவரியும் இரண்டு மூன்று எழுத்தில்

கேள்வி: எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், கடை எங்கே என்று நாள் முழுக்க வாட்ஸப்பிலும் எஸ்எம்எஸ்ஸிலும் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முழுதாகத் தட்டாமல் பதில் அனுப்ப வழி உண்டா? ஆண்ட்ராய்டு போன், ஜிபோர்டு விசைப்பலகை.

பதில்: ஜிபோர்டிலேயே இதற்கு வசதி உண்டு, தனிச் செயலி எதுவும் தேவையில்லை. விசைப்பலகையின் மேற்பட்டையில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டு, Dictionary, அதற்குள் Personal dictionary என்று போனால் மொழிகளின் பட்டியல் வரும். ஒரு மொழியைத் தேர்ந்து + குறியைத் தொட்டால் இரண்டு பெட்டிகள் திறக்கும். மேற்பெட்டியில் அனுப்ப வேண்டிய முழு வாக்கியத்தையும், கீழ்ப்பெட்டியில் அதற்கான சுருக்கெழுத்தையும் இட வேண்டும்.

பலரும் தடுமாறுவது அந்த மொழிப் பட்டியலில்தான். ஆங்கிலத்தின் கீழ் சேர்த்த சுருக்கம் தமிழ் விசைகளில் தட்டும்போது வராமல் போகலாம். ஆகவே எந்த விசைகளில் வழக்கமாகத் தட்டுகிறீர்களோ அந்த மொழியின் கீழ் சேருங்கள். இரண்டிலும் தட்டுபவரானால் இரண்டிடத்திலும் ஒருமுறை சேர்ப்பது நல்லது. சுருக்கம் ஆங்கில எழுத்தில் இருந்தாலும் வாக்கியம் தமிழில் இருக்கலாம், அதில் தடையில்லை.

உங்கள் கடைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். மேற்பெட்டியில் “கடை திங்கள் முதல் சனி வரை காலை 10 முதல் இரவு 8 வரை, மதியம் 2 முதல் 3 வரை இடைவேளை, ஞாயிறு விடுமுறை” என்று எழுதி, கீழ்ப்பெட்டியில் kdn என்று இடுங்கள். இனி kdn என்று தட்டியதும் விசைகளுக்கு மேலுள்ள பரிந்துரைப் பட்டையில் அந்த வாக்கியத்தின் ஒரு பகுதி தெரியும். அதைத் தொட்டால் முழு வாக்கியமும் வந்து விழும். தொடாமல் இடைவெளி விசையை அழுத்தினால் kdn அப்படியே நிற்கும், அல்லது தானியங்கித் திருத்தம் அதை வேறு சொல்லாக மாற்றிவிடும். வாக்கியம் பட்டையிலேயே தெரியவில்லை என்றால், Text correction பகுதியில் பரிந்துரைப் பட்டை அணைந்திருக்கிறதா, அல்லது தவறான மொழியின் கீழ் சேர்த்துவிட்டோமா என்று முதலில் பாருங்கள்.

சுருக்கத்தைத் தேர்வதில் கொஞ்சம் யோசனை வேண்டும். time, add போன்ற உண்மையான சொற்களை வைக்காதீர்கள். ஐபோனில் (Settings, General, Keyboard, Text Replacement) இடைவெளி விசையை அழுத்தியதுமே சுருக்கம் விரிந்துவிடும் என்பதால், அங்கே add என்பதை முகவரிக்கு வைத்தவர் “add one more blouse” என்று எழுதப்போய், வாக்கியத்தின் நடுவே கடை முகவரியை அனுப்பிவிடுவார். எந்தச் சொல்லாகவும் அமையாத மூன்று எழுத்தே போதும். குறியீடுகள் கலக்காமல் எழுத்துகளாகவே இருக்கட்டும்.

சுருக்கத்தைவிட வாக்கியத்தை எழுதுவதே நுட்பமான வேலை என்பது என் கருத்து. “இன்று”, “இப்போது”, “நாளை” போன்ற சொற்கள் அதில் வேண்டாம்; வியாழனன்று பொருந்திய வாக்கியம் ஞாயிறன்று பொய்யாகிவிடும். வணக்கத்தையும் அதற்குள் வைக்காதீர்கள், ஏனென்றால் உரையாடலின் நடுவே கேட்பவருக்கு அது மீண்டும் ஒருமுறை போய்ச் சேர்ந்து, பதில் இயந்திரத்தனமாகத் தோன்றும். பண்டிகைக்கால நேரத்தைப் பழைய பதிவின் மேல் திருத்தி எழுதினால், பண்டிகை முடிந்தபின் மாற்ற மறந்துபோவீர்கள்; அதற்கு kdp என்று இன்னொன்றைத் தனியாகச் சேர்த்து, தேதிகளையும் வாக்கியத்திலேயே குறித்துவிடுங்கள். அப்படியானால் தவறி அனுப்பினாலும் படிப்பவருக்குப் புரியும்.

முகவரிக்கு, அஞ்சல் உறையில் எழுதுவதுபோல் வரிவரியாக வராது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். ஜிபோர்டில் அந்தப் பெட்டி ஒற்றை வரிக்கானது. காற்புள்ளியிட்டு எழுத வேண்டும். தையல் கடைக்கு வருபவருக்குக் கதவு எண்ணைவிட அடையாளம்தான் உதவும்: “பழைய தபால் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில், படி வலப்பக்கம்” என்பதைப் போல. அதன் இறுதியில் கூகுள் மேப்ஸில் Share கொடுத்துக் கிடைக்கும் இணைப்பை ஒட்டிவிட்டால், வழி கேட்டு வரும் அழைப்புகள் பெரும்பாலும் நின்றுவிடும்.

அளவு கொடுப்பதற்கான குறிப்பு, கூலி விவரம் என்று பல வரிகளில் அனுப்ப வேண்டியவற்றுக்கு வாட்ஸப் பிசினஸ் செயலியின் Quick replies பொருத்தமானது. அதில் / என்று தட்டினால் சேமித்த பதில்கள் வரும், படமும் இணைக்கலாம். ஆனால் அது அந்தச் செயலிக்குள் மட்டுமே. எஸ்எம்எஸ்ஸுக்கு விசைப்பலகைச் சுருக்கமே வேண்டும். அதேபோல் ஜிபோர்டில் சேர்த்தவை ஜிபோர்டுக்கே உரியவை. நாளைக்கு வேறு விசைப்பலகைக்கு மாறினால் அங்கே அவை இருக்காது. அதனால் எல்லா வாக்கியங்களையும் ஒரு குறிப்பில் எழுதி வைத்துவிட்டு, அதிலிருந்து ஒட்டிச் சேருங்கள்.