‘8.30க்குத் தீர்ந்துவிடும்’ என்றால் எத்தனை மணிக்குப் போய் நிற்பது?

கேள்வி: எங்கள் பக்கம் வரும் ஃபுட் டிரக், அந்த வாரம் மாலையில் எங்கெங்கே நிற்கும் என்று இன்ஸ்டாகிராமில் போடுகிறது. ‘வியாழன் 6–10, வழக்கமாக 8.30க்குத் தீர்ந்துவிடும்’ என்று கேப்ஷனில் இருந்தது. 8.05க்கே வரிசையில் நின்றேன், கிடைக்கவில்லை. பொய் நேரம் போடுகிறார்களா?

பதில்: பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 8.30 என்பது கடைசி பிளேட் ஜன்னலைத் தாண்டும் நேரம். வரிசையின் வாலில் நிற்பவருக்கு உணவு அதற்கு வெகு முன்பே முடிந்துபோயிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியில் 100 பிளேட்டுக்குச் சரக்கு இருக்கிறது, 6 மணிக்குத் தொடங்கி 8.30க்குத் தீர்கிறது என்றால், மணிக்கு 40 பிளேட் போகிறது. 8.05க்கு மீதி இருப்பது ஏறக்குறைய 16. முன்னால் நிற்பவர்கள் ஆளுக்கு இரண்டு வாங்கினால் எட்டுப் பேரோடு கதை முடிந்தது. ஒன்பதாவது ஆள், சொன்ன நேரத்துக்கு 25 நிமிடம் முன்னதாக வந்தும் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

அதனால் போட்டிருக்கும் நேரத்திலிருந்து வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கழியுங்கள். அது 25 நிமிடம் என்றால் 8.05 ஆகிறது. ‘வழக்கமாக’ என்ற சொல்லையும் கவனியுங்கள்: சில நாள் முன்னதாகவும் தீரும் என்று அதற்குப் பொருள். அதற்கும் அரை மணி முன்னதாக, 7.35க்குள் வரிசையில் இருப்பது நல்லது. ‘6–10’ என்பது வண்டி அங்கே நிற்கும் நேரம். பத்து வரை உணவு இருக்கும் என்று அதை வைத்து நம்ப வேண்டாம்.

எல்லாப் பண்டமும் ஒரே நேரத்தில் தீராது. மணிக்கணக்கில் வேகவைத்துக் கொண்டுவருவதை வண்டியிலேயே மறுபடி செய்ய முடியாது, அதுதான் முதலில் போகும். கண்ணெதிரே பொரித்தோ சுட்டோ தருவது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கேப்ஷனில் ஒரே நேரம்தான் இருக்கிறதென்றால், அது எந்தப் பண்டத்துக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இடத்துக்கு இடமும் மாறும். அலுவலகங்கள் உள்ள பகுதியில் வேலை விட்டதும் கூட்டம் ஒரேயடியாக வரும், குடியிருப்புப் பகுதியில் மெதுவாக வரும். வியாழன் நேரத்தை வைத்து சனிக்கிழமைக்குக் கிளம்பாதீர்கள்.

இன்னொன்று, பதிவின் தேதி. இன்ஸ்டாகிராம் ஃபீடில் பதிவுகள் நாள் வரிசைப்படி வருவதில்லை, போன வாரப் பட்டியல் இன்று கண்ணில் படலாம். வெறும் ‘வியாழன்’ என்று தேதியில்லாமல் போடுவது வண்டிக்காரர்களின் குறைதான், அதை அவர்களிடமே சொல்லலாம். மழையாலோ வண்டி பழுதாலோ இடம் மாறினால், கேப்ஷனைத் திருத்தினாலும் உங்களுக்கு அறிவிப்பு வராது. மாற்றத்தை ஸ்டோரியில் போடுபவர்களும் உண்டு, அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆகவே கிளம்பும் முன் அவர்கள் பக்கத்துக்கே போய் ஸ்டோரியைப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால், ‘எத்தனை மணிக்குத் தீரும்?’ என்பதை விட, ‘வரிசையில் ஆள் சேர்ப்பதை எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள்?’ என்று மெசேஜில் கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய நேரம் அதுதான்.