மீட்டிங்கில் எழுந்து சண்டை போட வேண்டாம்

கேள்வி: சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஃபைனான்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஏற்காட்டிலிருந்து வரும் ஒரு தம்பியை டீம் லீடர் தினமும் காலை மீட்டிங்கில் நிற்க வைத்து, "மலைக்காரன்" என்று கிண்டல் செய்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, ஆனால் வீட்டுக் கடன் இருக்கிறது. நான் தலையிடலாமா?

பதில்: தலையிடலாம். ஆனால் நாலு பேர் முன்னால் அவரை மடக்கினால், அந்த எரிச்சல் நீங்கள் லீவில் இருக்கும் நாளில் தம்பி தலையில்தான் இறங்கும்.

சிரிக்கிற எல்லோருக்கும் அது பிடித்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். 1968-ல் டார்லி, லடானே என்ற இரண்டு உளவியலாளர்கள், ஆட்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் புகை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். சொல்லிவைத்த இரண்டு பேர் கண்டுகொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது 10 சதவீதம் பேர்தான். உங்கள் மீட்டிங்கிலும் இதேதான், அடுத்தவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறார்கள். அதனால் நாளைக்கு நீங்கள் சிரிக்காதீர்கள், கிண்டல் ஆரம்பித்ததும் "சார், நேத்து கலெக்‌ஷன்ல ஒரு சந்தேகம்" என்று சாதாரணமாகப் பேச்சை மாற்றுங்கள். கடன் இருக்கிறவரும் இதைச் செய்யலாம்.

அன்றைக்கே டீ குடிக்கும்போது தம்பியிடம் தனியாக, "நான் என்ன பண்ணணும்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். விட்டுவிடுங்கள் அண்ணா என்றால் அவரைக் கேட்காமல் ஹெச்.ஆரிடம் போகாதீர்கள், வேலை போனால் போவது அவருடையது. அடிதடி, உயிரை விடுவேன் என்ற பேச்சு வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது (மனநல உதவிக்கு 14416).

அவர் வேண்டாம் என்றாலும் எழுதி வையுங்கள்: தேதி, நேரம், சொன்ன வார்த்தை அப்படியே, யார் யார் இருந்தார்கள். சொந்த நோட்டில்தான், ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேண்டாம். "ரொம்ப மோசமா பேசுறார்" என்ற வரி எதற்கும் உதவாது. அப்புறம், மீட்டிங்கில் தலை குனிந்து உட்காருகிற இன்னொருவரைப் பிடியுங்கள். தம்பி சம்மதித்துப் புகார் கொடுக்கும்போது, இரண்டு பேர் சாட்சி சொன்னால் ஒருவரைத் தனியாகக் குறிவைப்பது கஷ்டம்.

அலுவலகக் கிண்டலுக்கென்று நம்மிடம் தனிச் சட்டம் இல்லை. ஆனால் தம்பி சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவராக இருந்து, அதைச் சொல்லியே பலர் முன்னால் இழிவுபடுத்தினால், 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வர வாய்ப்புண்டு. சும்மா "மலைக்காரன்" என்றது மட்டும் போதுமா என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். பழங்குடியினருக்கு, வருமானம் எவ்வளவானாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. தம்பி கிளம்பினால் நோட்டை எடுத்துக்கொண்டு கூடவே போங்கள்.